தோளில் ஏறிய சால்வை: இடைச்செருகல் பற்றிச் சில குறிப்புகள்

1

"தாத்தா தோள்ல ஒரு கம்பளிச் சால்வை போட்டுக் குடுங்கண்ணே. போட்ட மாதிரி தெரியக் கூடாது."

கேட்டவர் இயக்க வேலைகளில் இருக்கும் ஓர் இளந்தோழர். கேட்கப்பட்டவன் நான். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடம் ஒரு ஸ்டுடியோவில் ரீடச்சிங் வேலை பார்த்தவன். இறந்தவர்களுக்குச் சட்டை போடுவது, கண்ணைத் திறந்துவைப்பது, பொட்டை எடுப்பது, வைப்பது என்று பலதும் செய்திருக்கிறேன். பொட்டை எடுத்ததற்காக இன்னும் என்னை மன்னிக்காத ஒரு பாட்டி இருக்கிறார்.

தோழர் கொண்டுவந்த படம் 2011 ஏப்ரல் 13 அன்று, சட்டமன்றத் தேர்தல் நாளில் எடுக்கப்பட்டது. கோப்பிலேயே தேதியும் நேரமும் இருந்தன, காலை 11 மணி. தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓட்டுப் போட்டுவிட்டு வந்த தாத்தா குடிசை வாசலில் நின்று, மை வைத்த இடது ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுகிறார். மேலே துணி கிடையாது. துண்டு இடுப்பில் கட்டியிருக்கிறது. நெற்றியில் வேர்வை பளபளக்கிறது, கண் சுருங்கியிருக்கிறது. அவர் இறந்தபின் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட இந்த ஒரு படம்தான் உருப்படியாகக் கிடைத்திருக்கிறது.

ஏட்டுச்சுவடிப் பதிப்பைப் பற்றிப் படித்தவனுக்கு இந்த வேலை புதிதில்லை. மூலப்பிரதிக்குள் பிற்காலத்தான் ஒருவன் தன் வரியை நுழைக்கிறான். அதற்கு இடைச்செருகல் என்று பெயர். பதிப்பாசிரியன் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறான்? நுழைந்த வரி மோசமாக இருப்பதால் அல்ல, பல சமயம் அது நன்றாகவே இருக்கும். தனக்கு முன்னும் பின்னும் இருக்கும் வரிகளில் அது எந்த மாற்றத்தையும் உண்டாக்காமல் நிற்கும். எடுத்துவிட்டால் இடம் மூடிக்கொள்ளும். படத்தில் போடப்பட்ட சால்வையும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. சால்வை எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் சரி, அது வந்ததால் உடம்பில் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் பொய் வெளியே தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த 'நடந்திருக்க வேண்டியது' பற்றியது.

2

ஸ்டுடியோவில் 'டிரஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். கோட்டு, சட்டை, பட்டுப்புடவை, சால்வை எல்லாம் ஆள் இல்லாமல், பின்னணி வெட்டப்பட்டுத் தயாராக இருக்கும். முன்பு ஸ்டுடியோக்காரர் ஆணியில் ஒரு கோட்டை மாட்டிவைத்து வருகிறவருக்கெல்லாம் போட்டுவிட்டார். இப்போது அந்த ஆணி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். அதிலிருந்து ஓர் அரக்கு நிறக் கம்பளிச் சால்வையை எடுத்துத் தாத்தா மேல் வைத்தேன். பத்து நிமிட வேலை. வைத்ததும் அது சினிமா போஸ்டரின் மேல் ஒட்டிய துண்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது.

ஏன் என்று பார்க்க முதலில் தாத்தாவைப் படிக்க வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்தில் ஏப்ரல் நடுவில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். காலை 11 மணிக்கு அது கிழக்குத் திசையில், தொடுவானத்திலிருந்து சுமார் 72 டிகிரி உயரத்தில் நிற்கும். தாத்தா கிழக்குப் பார்த்து நிற்கிறார். மூக்கின் நிழல் பக்கவாட்டில் போகாமல் நேராகக் கீழே விழுந்து மேலுதட்டை மூடியிருப்பதைப் பார்த்தாலே இது தெரிகிறது. அந்த உயரத்து வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. மார்பு போன்ற செங்குத்தான பரப்பில் ஒரு பொருள் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ, அதைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்கு அதன் நிழல் கீழே இறங்கும். தோளின் மேற்புறம் போன்ற கிடைப் பரப்பிலோ நிழல் உயரத்தில் மூன்றிலொரு பங்குதான். அதாவது ஒரே சால்வைக்கு மார்பில் நீள நிழல், தோள்மேல் குட்டை நிழல்.

கோப்புறைச் சால்வை அறைக்குள், இரண்டு பக்கமும் பெரிய விளக்கு வைத்து எடுத்தது. அதன் மடிப்புகளில் நிழல் இடமும் வலமும் கரைந்து பரவியிருக்கிறது. தாத்தாவின் முகத்திலோ நிழல் மேலிருந்து கீழே கத்தியால் வெட்டியது போல இறங்குகிறது. அவருடைய முகத்துக்கு ஒரு சூரியன், தோளுக்கு இரண்டு விளக்கு. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் 'என்னமோ மாதிரி இருக்கே' என்று சொல்லிவிடுவார். பிறந்ததிலிருந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் அது.

எல்லோரும் செய்கிற சமாதானத்தை நானும் செய்தேன். Drop Shadow என்ற பொத்தானைத் தட்டினேன். சால்வையைச் சுற்றி ஒரு கருப்புப் புகை வந்தது. நிலைமை இன்னும் மோசமானது. அந்தப் பொத்தான் சமமான சுவர் ஒன்றின் முன்னால் சால்வை மிதப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லா விளிம்பிலும் ஒரே அளவு நிழலைப் போடுகிறது. உடம்பு சுவர் இல்லை. அதில் குழி இருக்கிறது, மேடு இருக்கிறது, சரிவு இருக்கிறது.

3

தோழரிடம் கேட்டேன்: "எதுக்கு சால்வை? துண்டையே தோளுக்கு ஏத்திடலாமே?"

கேட்கும்போதே எனக்குள் ஒரு கட்டுரை தயாராகிவிட்டது. தோள் என்பது நம் சமூகத்தில் எழுதப்படாத சட்டங்கள் எழுதப்பட்ட இடம். தஞ்சை வட்டாரத்தில் பண்ணை வேலை செய்த தலித் மக்கள் மிராசுதார் முன்னால் துண்டைத் தோளில் போட முடியாது. அது இடுப்புக்கு வரவேண்டும், இல்லை அக்குளுக்குப் போகவேண்டும். தென் திருவிதாங்கூரில் இதே தோளுக்காகப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. அதன் முடிவில், 1859 ஜூலை 26 அன்று வந்த அரசாணையைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியால் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற பாணியில் மட்டும் போடக்கூடாது என்று அது சொன்னது. மறைக்கலாம் என்று உரிமை தந்த அதே வாக்கியம் துணியின் தரத்தையும் போடும் விதத்தையும் சேர்த்தே நிர்ணயித்துவிட்டது. துணியின் கனமும் மடிப்பும் அழகியல் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

ஆகவே பேரன் கேட்கிற சால்வை மேடையில் தலைவர்களுக்குப் போர்த்தப்படும் சால்வையின் பிரதி, மறுக்கப்பட்ட தோளின் மீது பின்னோக்கி எழுதப்படும் கௌரவக் குறி என்றெல்லாம் மனசுக்குள் வாசித்து முடித்துவிட்டேன்.

தோழர் சொன்ன பதில் வேறு.

"அதெல்லாம் இல்லண்ணே. மார்கழி, தை மாசம் களத்துல நெல்லுக் காவல் இருப்பாரு. பனி கொட்டும். சாக்கை மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கம்பளி வாங்கித் தாங்கன்னு ஒரு நாள் கேட்டாரு. வாங்கல. இப்ப போட்டுடலாம்னுதான்."

என் கட்டுரை அங்கேயே நின்றுபோனது. நான் தோளைக் குறியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது குளிரெடுத்த தோள். நம் விமர்சனத்தில் உடல், உடல் என்று நிறையப் பேசுகிறோம். அந்த உடலுக்குக் குளிரும் வேர்க்கும் என்பது எங்கேயோ விட்டுப்போகிறது. மேலே சொன்ன சரித்திரம் பொய் என்று சொல்ல வரவில்லை. தாத்தாவின் இடுப்பில் இருக்கும் துண்டு அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்கிறது. அதனால் அதைத் தொடக்கூடாது, தோளுக்கும் ஏற்றக்கூடாது என்று முடிவு செய்தோம். போடப்போவது கம்பளிதான், பொன்னாடை அல்ல. ஆனால் அது கம்பளியின் கனத்தோடு இருந்தாக வேண்டும்.

4

கனத்தைப் படத்தில் எப்படிக் காட்டுவது? தராசு கிடையாது. மடிப்பும் விளிம்பும்தான் தராசு.

துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துண்டு தோளில் விழுந்தால் நிறையச் சிறு சுருக்கங்கள் வரும். காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழிக்குள் துணி இறங்கிவிடும், எலும்பு துணியின் வழியாகவே தெரியும். கம்பளி அப்படி இறங்காது. குழிக்கு மேல் பாலம் போட்டதுபோல் கடந்து போகும். அதன் மடிப்புகள் குறைவு, ஒவ்வொன்றும் அகலமாக, உருண்டு இருக்கும். மடிப்பு எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பாது. துணியைத் தாங்குகிற இடத்திலிருந்து, அதாவது கழுத்தடியிலிருந்தும் தோள்மூட்டின் முனையிலிருந்தும்தான் கிளம்பும், பிறகு தன் எடைக்கு நேர் கீழே தொங்கும். தாத்தா இடது கையைத் தூக்கியிருப்பதால் அந்தத் தோள் ஒரு விரல்கடை மேலே ஏறியிருக்கிறது. ஆகவே இடப்பக்கத் துணி கழுத்தை நோக்கித் தள்ளப்பட்டுக் குவியவேண்டும், வலப்பக்கம் நேராக விழவேண்டும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி விழும் கோப்புறைச் சால்வையை Warp வைத்து எவ்வளவு இழுத்தாலும் இது வராது. இழுத்தால் மடிப்பு வளையும், புதிதாகப் பிறக்காது. நெசவின் கோடுகளும் ரப்பர் மாதிரி நீண்டு காட்டிக்கொடுக்கும்.

வேறு வழியில்லை, ஒரு நிஜக் கம்பளியை ஒரு நிஜத் தோளில் போட்டு, அதே வெயிலில் எடுக்க வேண்டும். இங்கேதான் காலம் எங்களுக்கு ஒத்தாசை செய்தது. தோழர் வந்தது ஆவணியில். சூரியன் நம் வட்டாரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. வடக்கே போகும்போது ஏப்ரலில் ஒரு முறை, திரும்பித் தெற்கே வரும்போது ஆகஸ்டு கடைசியில் ஒரு முறை. ஏப்ரல் 13இன் 11 மணி வெயிலை ஆகஸ்டு 29ஐ ஒட்டிய ஒரு நாளில், அதே 11 மணிக்கு ஏறத்தாழ அதே கோணத்தில் பிடிக்கலாம். மேகம் மட்டும் இருக்கக் கூடாது. மேகம் வந்தால் வானம் முழுக்க விளக்காகிவிடும், நிழலின் விளிம்பு கரைந்துவிடும். மார்கழியில் வந்திருந்தால் வேறு நேரம் பார்த்து உயரத்தை ஈடுகட்டவும் முடியாது. அந்த மாதத்தில் சூரியன் மத்தியானத்திலும் 58 டிகிரியைத் தாண்டி ஏறுவதில்லை.

மொட்டை மாடியில் பேரனே சட்டையைக் கழற்றிவிட்டு, கிழக்குப் பார்த்து, இடது விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். தாத்தா படம் எடுக்கப்பட்ட உயரத்தில், அதாவது மார்பளவில், அதே தூரத்தில் கேமராவை வைத்தேன். கம்பளியைப் போர்த்தவில்லை, இரண்டு தோளிலும் ஏறும்படி பின்னாலிருந்து போட்டுவிட்டேன். இருபது படம் எடுத்தோம். "எப்பா, எரியுதுண்ணே" என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பளி வேர்வையில் ஒட்டி, கழுத்தோரம் ஒரு சின்ன மடிப்பு உண்டானது. நானாக வரைந்திருந்தால் அந்த மடிப்பு எனக்குத் தோன்றியிருக்காது.

ஒரு குறை மிச்சமிருந்தது. பேரனின் தோள் சதைப்பிடிப்பானது, தாத்தாவுடையது எலும்பு. பேரனுக்குக் குழி கிடையாது. கம்பளி பாலம் போடும் துணி என்பதால் தப்பித்தோம். பருத்தித் துண்டாக இருந்தால் குழிக்குள் இறங்கும் சுருக்கங்களைக் கையால்தான் வரைந்திருக்க வேண்டும், அது கடைசிவரை சரியாக வந்திருக்காது.

5

ஒட்டும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். செய்கிறவர்களுக்கு உதவும், பார்க்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில் அளவு. தாத்தாவின் முகம், நெற்றி மயிரிலிருந்து மோவாய்வரை சுமார் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். படத்தில் அது 900 பிக்ஸல், ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 50. கம்பளியின் மடித்த விளிம்பு அரை சென்டிமீட்டர் தடிமன், அதாவது 25 பிக்ஸல். எனவே தோளின் வெளிக்கோடு பழைய தோளைவிட அந்த அளவாவது மேலே ஏறவேண்டும். பலபேர் பழைய தோள்கோட்டிலேயே சால்வையின் ஓரத்தைப் பொருத்திவிடுவார்கள். அப்போது அது துணியாக இருக்காது, தோளுக்குப் பூசிய பெயின்டாக இருக்கும். விளிம்பைக் கத்திபோல வெட்டவும் கூடாது. கம்பளிக்கு மயிர் உண்டு, அதில் ஒன்றிரண்டு பிக்ஸல் மென்மை இருக்கட்டும்.

அடுத்தது சால்வை உடம்பின்மேல் போடுகிற நிழல். விளிம்பு அரை சென்டிமீட்டர் துருத்துகிறது, மார்பில் நிழல் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கவேண்டும், 75 பிக்ஸல். இதைத் தனி லேயரில், Multiply முறையில் கையால் வரைந்தேன். நிறம் கருப்பு அல்ல. தாத்தாவின் மோவாய்க்குக் கீழே ஏற்கெனவே ஒரு நிழல் இருக்கிறது, அந்தச் செம்பழுப்பையே எடுத்து அதன் அடர்த்திக்குக் கொண்டுவந்தேன். வாசல் செம்மண்ணிலிருந்து வெளிச்சம் எதிரொளித்து அந்த நிழலுக்குள் ஏறியிருக்கிறது. விளிம்பு கூர்மையாக இருக்கவேண்டும். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான், அரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழல் கலங்க இடமே இல்லை. துணி தோலைத் தொடுகிற கோட்டில் மட்டும் இன்னும் கருமையாக ஒரு மயிரிழை வேண்டும். அந்த இழைதான் 'உட்கார்ந்திருக்கிறது' என்று சொல்கிறது. அது இல்லையென்றால் சால்வை மிதக்கும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்திருந்தேன். சால்வை உடம்பின்மேல் நிழல் போடுவது மாதிரியே உடம்பும் சால்வையின்மேல் நிழல் போடவேண்டும். இந்த வெயிலில் மோவாயின் நிழல் கழுத்தைத் தாண்டிக் காறை எலும்புவரை இறங்கியிருக்கிறது. சால்வை வந்து கழுத்தோரத்தை மூடினால் அந்த நிழல் காணாமல் போய்விடாது, சால்வையின் மேலேறி விழும். பேரனின் மோவாய் குட்டை, அவருடைய படத்தில் நிழல் குறைவாக இருந்தது. தாத்தாவின் மோவாய் நீளத்துக்கு அதைக் கம்பளியின் மேல் நீட்டினேன். அது உருண்ட மடிப்புகளில் நேர்க்கோடாகப் போகாது, மேட்டில் ஏறி இறங்கி வளைந்து போகும். இதைச் செய்த கணத்தில்தான் கம்பளி தாத்தாவுடையதாக ஆனது. அதுவரை அது பேரனுடையது.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். அரக்கு நிறத் துணியில் வெயில் பட்டால் அந்த நிறம் தாடையின் அடிப்பக்கம் லேசாக ஏறும். தெரியாத அளவுக்குத் தீட்டினேன். பிறகு, 2011இன் சின்னக் கேமராவுக்கு ஒரு மங்கலும் பொரிப்பொரியான இரைச்சலும் உண்டு. புதுக் கேமராவில் எடுத்த கம்பளி அதைவிடத் தெளிவாக இருந்தது. அதன் தெளிவைக் குறைத்து, அதே இரைச்சலைச் சேர்க்க வேண்டும். பிழை பார்க்க நான் வைத்திருக்கும் வழி சுலபமானது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, தலைகீழாகத் திருப்பி, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன். முகம் தலைகீழானதும் ஆள் மறைந்துபோய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். ஒட்டிய இடம் இருந்தால் அப்போது துருத்திக்கொண்டு நிற்கும்.

6

ஸ்டுடியோ அண்ணன் வந்து பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா கம்பளி போட்ட ஆளுக்கு வேர்க்குது பாரு. அந்தப் பளபளப்பத் தொடச்சிடு. கண்ணையும் கொஞ்சம் திறந்துவிடு. வெளிச்சத்தக் கொஞ்சம் நீலமாக்கினா மார்கழி மாதிரி வந்துரும்."

தொழில்முறையில் அவர் சொன்னது சரி. கோடைக்குள் குளிர்த்துணி வந்தால் முரண் வரும், முரணைத் தீர்ப்பதுதான் வேலை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்பது? வேர்வையைத் துடைக்கலாம், நெற்றியை மழுங்கலாக்கலாம். நீலத்தையும் ஏற்றலாம். ஆனாலும் மூக்கு நிழல் மேலுதட்டில் செங்குத்தாக விழுந்துகொண்டேயிருக்கும், உச்சி வெயிலை நீலத்தால் மூட முடியாது. அதை அழிக்கப் போனால் கண்குழியை நிரப்பவேண்டும், கன்னத்தைப் புதிதாக வரையவேண்டும். கடைசியில் நம்மிடம் மிஞ்சுவது சால்வைக்குப் பொருத்தமான யாரோ ஒரு கிழவர். இடைச்செருகலுக்காக மூலத்தைத் திருத்துகிற பதிப்பாசிரியனைவிட ஆபத்தானவன் கிடையாது.

தோழரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேர்வை இருக்கட்டும்ணே. வெரலும் இருக்கட்டும். அன்னைக்கு அவரு அப்பிடித்தான் நின்னாரு" என்றார்.

ஆக, சால்வை மட்டும் சேர்ந்தது. வெயில் அப்படியே இருக்கிறது, இடுப்புத் துண்டும் அப்படியே. கம்பளியின் கனம், மடிப்பு, நிழல் எல்லாம் அந்த வெயிலுக்குக் கட்டுப்பட்டவை. தொழில்நுட்பரீதியாகப் பொய் தெரியாது. அர்த்தரீதியாகத் தெரியும், தெரியவும் வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வேர்க்கும் உடம்பின்மேல் யாரோ ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்பதைப் படம் மறைக்கவில்லை. தோழர் முதலில் கேட்டது 'போட்ட மாதிரி தெரியக் கூடாது' என்று. கிடைத்தது அதுவல்ல, அதற்காக அவர் வருத்தப்படவும் இல்லை.

படத்திறப்பு அன்று போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவோடு களத்தில் காவல் இருந்தவராம். ஒட்டிய இடம் எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் கேட்டார்:

"ஏம்ப்பா, இந்த வேகாத வெயில்ல அவனுக்கு எதுக்குக் கம்பளி?"

பரிமாறிக்கொண்டிருந்த தோழர் நின்று, "லேட்டாத்தான் வந்துச்சு பெரியப்பா" என்றார்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையை மடித்தார்.